டைல்ஸ் வேலை முடித்து எழுந்த அண்ணனுக்குப் பாதம் தொங்குகிறது: முதுகா, முழங்காலா?

மேலூர்க்காரன் | 19 ஜனவரி

அண்ணனுக்கு 34 வயது, டைல்ஸ் ஒட்டும் வேலை. தை முகூர்த்தத்துக்குள் வீட்டை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஒத்தக்கடைப் பக்கம் மூன்று நாள் விடாமல் வேலை பார்த்திருக்கிறார். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை குத்தவைத்தே உட்கார்ந்திருக்கிறார். நான்காம் நாள் காலையில் எழுந்து போனவருக்கு இடது கால் கட்டைவிரல் நிலைப்படியில் மாட்டி, குப்புற விழுந்துவிட்டார். அதிலிருந்து அந்தப் பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. படி ஏறுகிறவர் மாதிரி முழங்காலை உயர்த்தி உயர்த்தி நடக்கிறார். பாதம் தரையில் சப்பென்று விழுகிறது. செருப்பு கழன்று போவதுகூட அவருக்குத் தெரியவில்லை.

ஒரு இடத்தில் முதுகுக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். எல்4, எல்5 இடையே டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறதாம். அதுதான் காரணம், ஆபரேஷனுக்குத் தயாராகுங்கள் என்றார்கள். முதுகில் ஒரு வலியும் இல்லாத ஆளுக்கு முதுகில் ஆபரேஷனா? இன்றோடு எட்டு நாள் ஆகிறது.

உசிலை மாப்ள | 19 ஜனவரி

டிஸ்க்தான். எனக்கு இதே எல்5 நரம்பு, இதே பாதம். ஆபரேஷன் பண்ணினேன், சரியாப் போச்சு. எம்ஆர்ஐயிலேயே தெரியுதுங்கிறப்ப அப்புறம் என்ன யோசனை? தள்ளிப் போடாதீங்க.

மாவுக்கட்டு | 20 ஜனவரி

மதுரையில் பத்தொன்பது வருடமாகக் கால் ஸ்பிளிண்ட் செய்து கொடுக்கிறவன் நான். டாக்டர் இல்லை. ஆனால் தொங்குகிற பாதங்களைத் தினமும் கையில் பிடிக்கிறேன்.

உசிலை சொல்வதில் பாதி சரி. எல்5 நரம்பு நசுங்கினாலும் பாதம் தொங்கும். ஆனால் 34 வயதில் கூலி வேலை பார்க்கிறவர்களுக்கு முதுகை எம்ஆர்ஐ எடுத்தால், வலியே இல்லாத பல பேருக்கும் எங்கேயாவது ஒரு பிதுக்கம் இருக்கத்தான் செய்யும். படத்தில் இருக்கிறது என்பதற்காக அதுதான் குற்றவாளி என்று ஆகிவிடாது.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில், உருண்டையாக ஒரு எலும்பு தட்டுப்படும். அது ஃபிபுலாவின் தலை. அதற்குக் கீழே உள்ள கழுத்தைச் சுற்றிக்கொண்டு பெரோனியல் நரம்பு முன்பக்கம் வருகிறது. அந்த இடத்தில் அதற்கு மேலே தோல், கீழே எலும்பு, அவ்வளவுதான். மெத்தை எதுவும் கிடையாது. மணிக்கணக்கில் குத்தவைத்தால் தொடைக்கும் கெண்டைக்கும் நடுவே மடங்கி, தசைநாண்களுக்கு அடியில் இழுபட்டு அந்த நரம்பு செத்த மாதிரி ஆகிவிடும். பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்கும் தசைகளும், பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும் தசைகளும் இந்த ஒரு நரம்பை நம்பித்தான் இருக்கின்றன.

முதுகா முழங்காலா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். பாதத்தை உள்பக்கம், மறு காலை நோக்கித் திருப்பச் சொல்லுங்கள். அதைச் செய்யும் முக்கியமான தசை டிபியாலிஸ் போஸ்டீரியர். அது கெண்டைக்கால் ஆழத்தில் இருக்கிறது, அதற்கு வேறு நரம்பு. ஆனால் முதுகில் அதற்கும் வேர் எல்5தான். உள்ளே திருப்புவது பலமாக இருந்தால் முழங்கால் பக்கம் சந்தேகப்படுங்கள். அதுவும் சோர்ந்திருந்தால் முதுகு. அடுத்து வலப்பக்கமாகப் படுக்கவைத்து, மேலே இருக்கும் இடது காலை நீட்டியபடி தூக்கச் சொல்லி நீங்கள் அழுத்துங்கள். இடுப்பின் அந்தத் தசைக்கும் எல்5 வேண்டும், ஆனால் முழங்கால் நரம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு கேள்வி. அண்ணன் சமீபத்தில் இளைத்தாரா?

ஒரு எச்சரிக்கையும்: இரண்டு காலும் சோர்ந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, ஆசனவாய்ப் பக்கம் மரத்தாலோ இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மேலூர்க்காரன் | 20 ஜனவரி

எப்படிண்ணே கேட்டீங்க? கார்த்திகையில் மாலை போட்டு ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம். மார்கழியில் சபரிமலை போய் வந்தபோது ஒன்பது கிலோ குறைந்திருந்தார். பெல்ட்டில் ஆணி வைத்து இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டார்.

சோதனை பார்த்தேன். பாதத்தை உள்ளே திருப்பச் சொன்னால் பலமே இல்லை, லேசாக அசைகிறது. அப்படியானால் முதுகுதானா? அம்மா அழுகிறார்கள்.

உசிலை மாப்ள | 20 ஜனவரி

நான்தான் சொன்னேனே.

மாவுக்கட்டு | 21 ஜனவரி, காலை

இது என் தப்பு, அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டு எழுதிவிட்டேன்.

பாதம் கீழே தொங்கிக்கொண்டிருக்கும்போது உள்ளே திருப்பச் சொன்னால் யாருக்குமே பலம் குறைவாகத்தான் தெரியும். தசை தளர்ந்த நிலையில் இருந்து இழுக்கிறது. அதனால் நீங்கள் ஒரு கையால் பாதத்தைத் தூக்கி, காலுக்கு நேர் செங்குத்தாக, எல் எழுத்து மாதிரி பிடித்துக்கொள்ளுங்கள். அப்படியே பிடித்தபடி, 'உள்ளங்காலை மறு காலுக்குக் காட்டு' என்று சொல்லி, இன்னொரு கையால் எதிர்த்துத் தள்ளிப் பாருங்கள். கணுக்காலின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் விரலை வைத்தால் ஒரு கயிறு விறைப்பது தெரியும். அந்தக் கயிறுதான் நமக்கு வேண்டும். வலது காலோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

மேலூர்க்காரன் | 21 ஜனவரி, மாலை

பாதத்தைப் பிடித்துக்கொண்டு செய்தால் இரண்டு காலும் ஒன்றுதான்! என் கையையே தள்ளிவிட்டார். கயிறு நன்றாக விறைக்கிறது. இடுப்புத் தூக்குவதும் பலம்தான். முன்னங்காலில் எக்கி நிற்கிறார், குதிகாலில் மட்டும் நிற்க முடியவில்லை. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் பஞ்சால் தொட்டால் தெரியவில்லை, பாத மேல்பக்கமும் மந்தம்.

இன்னொன்று. அந்த உருண்டை எலும்புக்குக் கீழே விரலால் தட்டினேன், பாதத்தின் மேல்பக்கம் வரை கரண்ட் அடித்த மாதிரி ஓடியது என்று துள்ளினார்.

திருமங்கலம் ராஜி | 21 ஜனவரி

எனக்கும் காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் குதிகாலில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது. நானும் குதிகாலில் நிற்க முடியாது. எனக்கும் இந்த நரம்புதானா? ஸ்பிளிண்ட் போட்டால் போகுமா?

மாவுக்கட்டு | 21 ஜனவரி, இரவு

ராஜி அக்கா, நீங்கள் வலியால் நிற்க முடியாமல் இருக்கிறீர்கள், இவர் அண்ணன் வலியே இல்லாமல் நிற்க முடியாமல் இருக்கிறார். உங்களுடையது வேறு சங்கதி. முதலில் வீட்டுக்குள் வெறுங்காலோடு கிரானைட் தரையில் நடப்பதை நிறுத்துங்கள்.

மேலூர் தம்பி, கதை பொருந்தி வருகிறது. உடம்பு இளைக்கும்போது அந்த எலும்புக்கழுத்தில் இருக்கும் கொஞ்சநஞ்சக் கொழுப்பும் போய்விடுகிறது. அதற்கு மேல் மூன்று நாள் குத்தவைத்தால் நரம்பு என்ன செய்யும்? சாமி மேல் பழி போடவில்லை, சாமியே.

பழைய வார்டு | 23 ஜனவரி

எலும்பு மருத்துவத்தில் முப்பது வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள். பாதி வருடங்கள் தொழுநோய் அறுவை சிகிச்சையில் போயின, அதனால் இதில் என் கண் வேறு மாதிரி போகும்.

மாவுக்கட்டு சரியாகவே பிரித்திருக்கிறார். நான் சேர்ப்பது இரண்டு. முதலாவது, தட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் அந்த நரம்பை விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். வலது பக்கத்தைவிடத் தடித்துக் கயிறு போல இருந்தாலோ, உடம்பில் எங்காவது வெளிறிய, உணர்ச்சியில்லாத தேமல் இருந்தாலோ இந்த டைல்ஸ் கதையை ஓரமாக வைத்துவிட்டுத் தொழுநோய்க்குப் பார்க்கச் சொல்லுங்கள். அது ஒழிந்துவிட்டதாக எல்லாரும் நினைக்கிறார்கள். ஒழியவில்லை. நரம்பு சோர்ந்து ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கினால் மீளும் வாய்ப்பு உண்டு. தவறவிட்டால் அது வாழ்நாள் தொங்குபாதம்.

இரண்டாவது, நரம்புக் கடத்தல் சோதனையை இப்போதே எடுக்க ஓடாதீர்கள். அறுந்த நரம்பிழைகூட முதல் சில நாட்கள் அறுந்த இடத்துக்குக் கீழே மின்சாரத்தைக் கடத்திக்கொண்டுதான் இருக்கும். மூன்று வாரம் கழித்து எடுத்தால்தான் எந்த இழை உயிரோடு இருக்கிறது என்று தெரியும்.

மாவுக்கட்டு | 23 ஜனவரி

அம்மா சொன்னதை எல்லாரும் இரண்டு தடவை படியுங்கள். நான் பாதத்தைத் திருப்பித் தள்ளிப் பார்க்கச் சொன்னேன், உடம்பில் தேமலைத் தேடச் சொல்லவில்லை. பத்தொன்பது வருடத்தில் இப்படி ஸ்பிளிண்ட் கேட்டு வந்த இரண்டு பேருக்குக் கடைசியில் அதுதான் இருந்தது. இரண்டு பேரையும் கண்டுபிடித்தது நான் இல்லை.

மேலூர்க்காரன் | 24 ஜனவரி

தேமல் இல்லை. நரம்பு இரண்டு பக்கமும் ஒரே அளவுதான். அரசு ஆஸ்பத்திரியில் நரம்பு மருத்துவர் பார்த்தார், பிப்ரவரி 5 சோதனைக்கு வரச் சொன்னார். முதுகு ஆபரேஷனை இப்போதைக்கு மறந்துவிடச் சொன்னார்.

நடக்கச் சிரமப்படுகிறாரே என்று சர்ஜிக்கல் கடையில் பாதத்தைத் தொங்காமல் பிடிக்கும் வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட், ஏஎஃப்ஓ என்கிறார்களே, அது ஒன்று வாங்கினேன், மீடியம் சைஸ். அதை மாட்டி ரப்பர் செருப்பு போட்டால் செருப்பு போகவே மாட்டேன் என்கிறது. மேல்பட்டை முழங்காலுக்குக் கீழே இறுக்கமாக இருக்கிறது. இறுக்கமாக இருந்தால்தானே நல்லது?

மாவுக்கட்டு | 24 ஜனவரி, இரவு

அந்தப் பட்டையை முதலில் கழற்றுங்கள். கழற்றிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

இதற்குப் பின்னால் எனக்கு வெட்கமான கதை ஒன்று இருக்கிறது. தொழிலுக்கு வந்த நான்காம் வருடம். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண், இதே நரம்பு, கால் மேல் கால் போட்டு உட்காரும் பழக்கத்தால் வந்தது. நானே மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்து, ஷீட்டைச் சூடாக்கி உருட்டி, பளபளப்பாக முடித்துக் கொடுத்தேன். உயரமாக இருந்தால் பிடிமானம் நன்றாக இருக்கும் என்று மேல்விளிம்பை ஃபிபுலா தலை வரைக்கும் விட்டிருந்தேன். பட்டையும் அங்கேயே. இரண்டு மாதம் கழித்து அவர் வந்தபோது பாதம் முன்பைவிட மரத்திருந்தது. வெளிப்பக்கம் பட்டை உட்கார்ந்த இடத்தில் சிவப்புக் கோடு. எந்த நரம்பு மீள வேண்டும் என்று அதைப் போட்டுக் கொடுத்தேனோ, அதே நரம்பை அதே இடத்தில் நானே தினமும் எட்டு மணி நேரம் அழுத்திக்கொண்டிருந்தேன். மூன்று சென்டிமீட்டர் அறுத்து இறக்கினேன். அவர் திட்டக்கூட இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து அச்சு எடுக்கும்போது அழியாத பென்சிலால் ஃபிபுலா தலையை வட்டம் போட்டு, அதற்குக் கீழே இரண்டு விரல் இடம் விட்டுத்தான் விளிம்புக் கோடு போடுகிறேன். உங்கள் அண்ணனுடையதிலும் இதை முதலில் பாருங்கள். உருண்டை எலும்புக்குக் கீழே இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும்.

அடுத்து சிவப்பு. முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றிப் பாருங்கள். பதிந்த சிவப்பு இருபது நிமிடத்தில் மறைந்தால் சரி. மறையவில்லை என்றால் அந்த இடத்தைச் சரி செய்யாமல் மறுபடி போடக் கூடாது. மரத்த காலுக்கு உறுத்தலே தெரியாது, கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். உள்ளே பருத்தி சாக்ஸ் கட்டாயம். நம் ஊர் வெயிலில் தினம் இரண்டு ஜோடி வேண்டும்.

மாவுக்கட்டு | 25 ஜனவரி

செருப்பைப் பற்றி நேற்று எழுத விட்டுப்போனது. ஏஎஃப்ஓ தனியாக வேலை செய்யாது, அதைப் பிடித்து வைக்கப் பின்பட்டை உள்ள சேண்டலோ ஷூவோ வேண்டும். ஹவாய் செருப்போடு போட்டால் வழுக்கி விழுவதற்கு ஏற்பாடு செய்த மாதிரி. குதிகால் உயரமும் முக்கியம். தட்டையான செருப்புக்கு அளவெடுத்ததை உயரமான ஷூவில் வைத்தால் முழங்கால் முன்னால் தள்ளப்படும். செருப்பை மாற்றினால் ஸ்பிளிண்டும் வேறு மாதிரி நடக்கும் என்று நினைவில் வையுங்கள்.

உங்கள் அண்ணனுக்கு வாங்கியது எது என்று படம் இல்லாமல் சொல்ல முடியாது. கணுக்கால் எலும்பை மூடிக்கொண்டு இருபக்கமும் பிளாஸ்டிக் வந்தால் அது விறைப்பான வகை. அவருக்கு அது அதிகம். தூக்கும் தசை மட்டும்தான் சோர்ந்திருக்கிறது, கெண்டையும் உள்தசையும் நன்றாக இருக்கின்றன. இரண்டு பக்கமும் கணுக்காலுக்குப் பின்னால் வரை வெட்டியெடுத்து, பின்னால் ஒரு நாக்கு மாதிரி வளைந்து கொடுக்கிற வகை போதும். குதிகால் தரையில் பட்டதும் கொஞ்சம் வளையும், கால் தூக்கும்போது பாதத்தை மேலே நிறுத்திவைக்கும். வேலைக்காரனுக்கு விறைப்பானதைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் பரண் மேல் ஏற்றிவிடுவான். நிறையப் பரண்களில் என் வேலைப்பாடு தூங்குகிறது.

உசிலை மாப்ள | 26 ஜனவரி

கரண்ட் வச்சுத் தூண்டுற மெஷின் இருக்கே, அதை வச்சா நரம்பு சீக்கிரம் வளருமாமே? ஸ்பிளிண்ட் எதுக்கு?

பழைய வார்டு | 27 ஜனவரி

நரம்பிழை ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். அந்த மெஷினை வைத்தால் இது வேகமாகும் என்று நான் நோயாளிக்கு உறுதி சொல்ல மாட்டேன். மின்தூண்டல் தசையை அசைக்கும், நோயாளிக்குத் தெம்பு தரும். தினமும் கணுக்காலைக் கையால் மேலே மடக்கி, குதிகால் நாண் குறுகாமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம். ஸ்பிளிண்ட் நரம்புக்கு மருந்து இல்லை. விழாமல் நடக்கவும், குதிகால் நாண் குறுகாமல் இருக்கவும்தான் அது.

மேலூர்க்காரன் | 6 பிப்ரவரி

சோதனை முடிந்தது. அந்தத் தாளில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன். பாதம் தூக்கும் தசையில் பதிவு வைத்து, எலும்புக்கழுத்துக்குக் கீழே தூண்டினால் 3.8 மில்லிவோல்ட், கழுத்துக்கு மேலே தூண்டினால் 0.9. வலது காலில் இரண்டு இடத்திலும் ஐந்துக்கு மேல். ஊசி சோதனையில் பாதம் தூக்கும் தசையில் கொஞ்சம் பாதிப்பு, தொடையின் பின்தசை சரி, உள்தசை சரி. இது நல்லதா கெட்டதா?

பழைய வார்டு | 6 பிப்ரவரி

நல்லது. மேலே கொடுத்த மின்சாரத்தில் பெரும்பகுதி கழுத்தைத் தாண்டவில்லை, ஆனால் கீழே இருக்கும் கம்பியில் பெரும்பாலும் உயிர் இருக்கிறது. இழைகள் அறுந்ததைவிட உறை நசுங்கி வழி அடைத்துக்கொண்டதுதான் அதிகம். அந்தப் பகுதி வாரக் கணக்கில் திறக்கும், பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள். வலதில் ஐந்து, இங்கே 3.8 என்றால் கொஞ்சம் இழைகள் அறுந்தும் இருக்கின்றன, அவை வளர்ந்துதான் வர வேண்டும். கழுத்திலிருந்து பாதம் தூக்கும் தசை பக்கத்தில்தான். கட்டைவிரல் தசைக்குப் போகும் கிளை இன்னும் கீழே, அது பிந்தும். தொடையின் பின்தசையில் ஒரு பகுதிக்கு இதே நரம்பு முழங்காலுக்கு மேலே கிளை விடுகிறது. அது சரி என்பதால் சேதம் முழங்காலுக்குக் கீழேதான் என்று உறுதி.

மூன்று மாதத்தில் ஒன்றுமே அசையவில்லை என்றால் மட்டும் நரம்பைத் திறந்து பார்ப்பது பற்றிப் பேசலாம். கத்தியோ கண்ணாடியோ வெட்டிய நரம்பு வேறு, அதற்குக் காத்திருக்கவே கூடாது.

வைகைக்கரை | 9 பிப்ரவரி

காத்திருங்கள் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. கப்பலூர்ப் பக்கம் பைக்கில் விழுந்து முழங்கால் மூட்டே விலகியது. மூட்டை உள்ளே தள்ளிக் கட்டினார்கள், அப்போதே பாதம் தொங்கிவிட்டது. 'நரம்பு வரும், பொறுங்க' என்று இரண்டரை வருடம். வரவே இல்லை. கடைசியில் வேறு இடத்தில் தசைநாண் மாற்றி வைத்தார்கள். அதற்குள் குதிகால் நாண் குறுகிவிட்டதால் அதையும் நீட்ட வேண்டியதாயிற்று.

மாவுக்கட்டு | 9 பிப்ரவரி, இரவு

உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் உங்கள் நரம்பும் இவர் அண்ணன் நரம்பும் ஒன்றில்லை. அவருடையது நசுங்கியது. உங்களுடையது நீளமாக இழுபட்டுக் கிழிந்தது. மூட்டு விலகும்போது நரம்பு ஒரு இடத்தில் மட்டும் இல்லாமல் நெடுக அறுபடுகிறது. சேர்த்துத் தைக்க இடையில் ஒட்டு நரம்பு வைத்தாலும், இடைவெளி ஆறு சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் பலன் குறைந்துகொண்டே போகும். இதை டாக்டரம்மா சரிபார்க்கட்டும்.

எழுதியபின் யோசித்தால், உங்களுக்குச் சொல்லாமல் விட்டது காத்திருப்புக்கு ஒரு கடைசித் தேதி. ஒரு வருடம், ஒன்றரை வருடம் நரம்பு கிடைக்காத தசை நாராகிவிடும், அப்புறம் நரம்பு வந்தும் பயனில்லை.

அந்த ஆபரேஷனுக்குப் பிறகு எப்படி இருந்தது என்று விவரமாக எழுதுங்களேன். நான் வெளியில் ஸ்பிளிண்ட் செய்கிறவன்தான், உள்ளிருந்து தெரியாது.

வைகைக்கரை | 11 பிப்ரவரி

எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் மேலே பேசிக்கொண்டிருந்த அதே உள்தசைதான். டிபியாலிஸ் போஸ்டீரியர். உள்பக்கம் பாத எலும்பில் அது ஒட்டியிருக்கும் இடத்தில் கழற்றி, கணுக்காலுக்கு மேலே இன்னொரு கீறலில் வெளியே இழுத்து, இரண்டு கால் எலும்புக்கும் நடுவில் உள்ள சவ்வில் ஜன்னல் மாதிரி வெட்டி முன்பக்கம் கொண்டுவந்து, பாதத்தின் மேல்பக்கம் நடுவாக ஒரு எலும்பில் துளை போட்டு மாட்டினார்கள். உடம்பில் நான்கு கீறல்.

ஆறு வாரம் மாவுக்கட்டு, அதுவரை கால் ஊன்றக் கூடாது. கட்டைப் பிரித்த அன்று பிசியோ அக்கா, 'பாதத்தைத் தூக்கு' என்றார். ஒன்றும் நடக்கவில்லை. நான் அழுதுவிட்டேன். 'சரி, தூக்காத. உள்ள திருப்பு' என்றார். உள்ளே திருப்ப நினைத்தேன். பாதம் மேலே வந்தது! மூன்று வருடத்தில் முதல் தடவை. பிறகு இரண்டு மாதம் அதே பயிற்சி, உள்ளே திருப்புகிறேன் என்று நினைத்து நினைத்து, ஒருநாள் நினைக்காமலே தூக்க ஆரம்பித்தது. இப்போது சமனிலிருந்து ஐந்து டிகிரி மேலே வரும், அவ்வளவுதான். விரல்கள் தூக்காது. ஓட முடியாது. ஸ்பிளிண்ட் இல்லாமல் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுகிறேன்.

பழைய வார்டு | 12 பிப்ரவரி

அருமையாக எழுதியிருக்கிறார். ஆறு சென்டிமீட்டர் கணக்கும் சரிதான். மேலூர்த் தம்பி ஒன்றைக் கவனியுங்கள். நோய் முழங்காலில் என்று நமக்குக் காட்டிக்கொடுத்த அதே தசைதான் கடைசியில் மாற்று வேலைக்கும் வருகிறது. இடம் மாறும் தசை பொதுவாக ஒரு படி பலம் இழக்கும், அதனால் மாற்றும் முன் அதன் பலம் ஐந்துக்கு நான்காவது இருக்க வேண்டும். எல்5 வேரிலேயே சேதம் என்றால் இதுவும் சோர்ந்திருக்கும், எடுத்து மாற்றினாலும் கயிறு மாதிரி தொங்கும்.

1968இல் செங்கல்பட்டு தொழுநோய் மையத்திலிருந்து ஸ்ரீனிவாசனும் உடன் இருந்தவர்களும் இந்தத் தசைநாணை இரண்டு வாலாகப் பிரித்து, எலும்பில் மாட்டாமல் விரல்களைத் தூக்கும் தசைநாண்களோடு தைக்கும் முறையை எழுதினார்கள். தமிழ்நாட்டில் நாங்கள் பலரும் அதைத்தான் கற்றோம். எலும்பில் மாட்டுவதா, தசைநாணில் தைப்பதா என்று கேட்டால் இன்றும் இரண்டு அறுவை மருத்துவர்கள் ஒத்துப்போக மாட்டார்கள். தைத்தால் விரல்களும் சேர்ந்து எழும், ஆனால் தையல் இளகலாம். நான் தைக்கிற கட்சி.

வைகைக்கரை | 12 பிப்ரவரி

உள்தசையை எடுத்துவிட்டதால் பாத வளைவு இடிந்து தட்டைப்பாதம் ஆகுமா? ஒருவர் அப்படிப் பயமுறுத்தினார்.

பழைய வார்டு | 13 பிப்ரவரி

ஆகலாம், ஆனால் உங்களுக்கு வாய்ப்பு குறைவு. எதிர்ப்பக்கம் இழுக்கும் வெளித்தசைகளும் அதே நரம்பு என்பதால் அவையும் சோர்ந்திருக்கின்றன. இருந்தாலும் வருடம் ஒருமுறை ஈரக்காலோடு சிமெண்ட் தரையில் நின்று தடத்தைப் பாருங்கள். நடுவில் வளைவு நிறைந்துகொண்டே வந்தால் காட்டுங்கள்.

மாவுக்கட்டு | 15 மார்ச்

மேலூர் எங்கே போனார்? அண்ணன் கடைக்கு வந்தார், பின்நாக்கு வகை போட்டுக் கொடுத்தேன். விளிம்பு இரண்டு விரல் கீழே. தம்பி எழுதுவார் என்று நினைத்தேன்.

மீனாட்சியம்மன் கோவிலுக்குச் செருப்பில்லாமல் எப்படிப் போவது என்று கேட்டார். பிரகாரம் வழுவழு கல், ஏஎஃப்ஓ மட்டும் போட்டு நடந்தால் வழுக்கும். கணுக்காலில் பட்டையும் பாத நடுவில் கொக்கியும் வைத்து இழுக்கும் எலாஸ்டிக் பட்டை ஒன்று தைத்துக் கொடுத்திருக்கிறேன், அதற்குச் செருப்பு வேண்டாம். கொஞ்ச தூரத்துக்குத்தான் ஆகும். வேலைக்குக் குத்தவைப்பதற்குப் பதில் குட்டைப் பலகையில் உட்காரச் சொன்னேன். மேஸ்திரி சிரிப்பாராம். சிரிக்கட்டும்.

மேலூர்க்காரன் | 17 மார்ச்

மன்னிக்கணும்ணே, பாப்பா பரீட்சை. விஷயம் இது: நேற்று உட்கார்ந்திருக்கும்போது பாதம் தானாக அரை அங்குலம் மேலே வந்தது. அவரே நம்பாமல் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். கட்டைவிரல் அசையவில்லை. தட்டினால் கரண்ட் அடிக்கும் இடம் முன்பைவிட ஒரு சாண் கீழே இறங்கியிருக்கிறது.

பழைய வார்டு | 17 மார்ச்

ஒரு சாணா? ஒன்பது வாரத்துக்கு அது அதிகம். நரம்பிழை வளர்ந்து போகிற இடம் ஆறு, ஏழு சென்டிமீட்டர் தாண்டாது. ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

மேலூர்க்காரன் | 18 மார்ச்

அளந்தேன். ஆறு சென்டிமீட்டர். எங்க அண்ணன் சாண் அவ்வளவுதான் போல.

உசிலை மாப்ள | 18 மார்ச்

சரி, ஒத்துக்கிறேன், முழங்கால்தான். ஆனா எனக்கு முதுகுதான் இருந்துச்சு, அதுவும் உண்மை.

மாவுக்கட்டு | 18 மார்ச்

அது உண்மைதான் மாப்ள. உங்களுக்கு அப்போது தொடையிலிருந்து பாதம் வரை வலி இழுத்ததா என்று கேட்கவே இல்லை பாருங்கள்.

உசிலை மாப்ள | 18 மார்ச்

இழுத்துச்சு. தூங்க முடியாது.

மேலூர்க்காரன் | 26 ஏப்ரல்

அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டு வந்தோம். அண்ணன் ஸ்பிளிண்ட் போட்டுத்தான் வந்தார், கூட்டத்தில் அது இல்லாமல் விட மாட்டேன் என்று நான் பிடிவாதம். வீட்டில் நேற்று குதிகாலில் நான்கு அடி நடந்தார், ஹாலில் இருந்து அடுப்படி வாசல் வரைக்கும். ஐந்தாவது அடியில் பாதம் விழுந்துவிட்டது. கட்டைவிரல் மட்டும் இன்னும் தொங்குகிறது, விரலிடுக்கு இன்னும் மரப்பு. இனி ஸ்பிளிண்டைக் கழற்றிவிடலாமா என்கிறார்.

மாவுக்கட்டு | 26 ஏப்ரல்

நான்கு அடியில் களைத்துப் போகும் தசையை நம்பி ரோட்டில் விடாதீர்கள். வீட்டுக்குள் கழற்றலாம், வெளியில் போட வேண்டும். சாயங்காலம் களைப்பில்தான் கட்டைவிரல் மாட்டும், அதனால் வேலையிலிருந்து திரும்பும் நேரம்தான் ரொம்ப முக்கியம். இருபது அடி குதிகாலில் நடக்கிற அன்று கொண்டுவரச் சொல்லுங்கள், பக்கவாட்டில் இன்னும் கொஞ்சம் வெட்டி மெலிதாக்கித் தருகிறேன். செவ்வாய் கடை கிடையாது.